மதிப்பீட்டாளர் எழுதிய வரி இல்லாமல் மறுமொழி எழுத முடியுமா?

*மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள மூன்று தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவர்களின் இடுப்பு வலி பற்றி நான் செய்த முதுகலை ஆய்வை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்துகளோடு 'பெரிய திருத்தம் தேவை' என்று பதில் வந்திருக்கிறது. கொடுத்த 60 நாளில் 22 நாள் போய்விட்டது. மாதிரி குறைவு என்கிறார்கள், புள்ளியியல் சரியில்லை என்கிறார்கள். கருத்துகள் இரகசியமானவை என்று கேள்விப்பட்டதால் அவற்றை அனுப்பவில்லை, கட்டுரையை மட்டும் இணைத்திருக்கிறேன். அவர்கள் கேட்டபடி கட்டுரையைத் திருத்திப் பதிலும் எழுதித் தர முடியுமா?*

*— முதுகலை மாணவி, சுங்கை சிப்புட்*

அன்புத் தங்கைக்கு, வணக்கம்.

முடியாது. உதவ மனமில்லாமல் இப்படிச் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டேன், அதைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் நான் சொல்வதெல்லாம் மூன்றாவது மதிப்பீட்டாளர் ஒருவரின் கருத்தாகத்தான் இருக்குமே தவிர, அந்த இரண்டு பேருக்கான மறுமொழியாக இருக்காது. இதழாசிரியர் உங்கள் மறுமொழிக் கடிதத்தை ஒரு பக்கத்திலும் மதிப்பீட்டு அறிக்கைகளை மறுபக்கத்திலும் வைத்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். கேட்காத பத்தைத் திருத்தியிருப்பதால் கேட்ட ஒன்றை விட்டது சரியாகிவிடாது.

"மாதிரி குறைவு என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது மதிப்பீட்டாளர் எழுதிய வாக்கியம் அல்ல, அதைப் படித்துவிட்டு உங்கள் மனத்தில் தங்கியது. ஆங்கிலத்தில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று நான் ஊகிக்கலாம். உங்கள் கட்டுரையை வைத்துக்கொண்டு ஊகித்துப் பார்த்ததில் எனக்கு மூன்று வாக்கியங்கள் கிடைத்தன. மூன்றையுமே "மாதிரி குறைவு" என்று சுருக்கிச் சொல்லலாம், ஆனால் ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அவற்றைத் தமிழில் தருகிறேன்.

முதல் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "மாதிரியின் அளவு எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்பதை ஆசிரியர்கள் விளக்க வேண்டும்." இதில் குறைவு என்ற குற்றச்சாட்டே இல்லை. ஆய்வுமுறைப் பகுதியில் ஒரு விளக்கம் விடுபட்டிருக்கிறது, அதைச் சேருங்கள் என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் பலரும் ஒரு பொறியில் கால் வைப்பார்கள். அளவைக் கணக்கிடும் வாய்பாடு எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. வலி உள்ளவர்கள் பாதிப் பேர் என்று வைத்துக்கொண்டு, 5 விழுக்காட்டுப் பிழை வரம்போடு கணக்கிட்டால் 385 பேர் தேவை என்று வரும். உங்களிடம் இருப்பது 126 பேர். ஆனால் மூன்று தோட்டங்களிலும் குலை வெட்டுபவர்கள் மொத்தமே 180 பேர்தான் என்று நீங்களே எழுதியிருப்பதால், சிறிய தொகைக்கான திருத்தத்தைச் சேர்த்துக் கணக்கிடலாம்:

```
1.96² × 0.5 × 0.5 / 0.05²    = 384.16
384.16 / (1 + 383.16 / 180)  = 122.8
```

123 பேர் போதும், நம்மிடம் 126 பேர் இருக்கிறார்கள் என்று முடித்துவிடலாம். எண் இவ்வளவு வசதியாக வந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். கருத்தைப் பார்க்காமல் நானே உங்களுக்கு எழுதித் தந்திருந்தால் அநேகமாக இதைத்தான் எழுதியிருப்பேன். அப்படி எழுதியிருந்தால் அதில் இரண்டு தவறுகள் இருந்திருக்கும்.

முதலாவது, நீங்கள் இந்தக் கணக்கை ஆய்வு தொடங்கும் முன் போடவில்லை. குலை வெட்டுபவர்கள் அத்தனை பேரையும் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டுக்கு அழைத்தீர்கள், வந்தவர்களிடம் வினாநிரலைக் கொடுத்தீர்கள். கட்டுரையின் 4ஆம் பக்கத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. செய்யாத கணக்கை முன்கூட்டியே செய்ததாக எழுதுவது பொய். உண்மையான பதிலோ அதைவிட வலுவானது: "மாதிரி எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 180 பேரும் அழைக்கப்பட்டனர், 126 பேர், அதாவது 70 விழுக்காட்டினர், பங்கேற்றனர்." இதோடு 126 பேரில் 78 பேருக்கு வலி இருந்தது என்ற உங்கள் முடிவை வெறும் 62 விழுக்காடு என்று விட்டுவிடாமல், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்து '62 (53 முதல் 70 வரை)' என்று எழுதினால், இந்த அளவு மாதிரியிலிருந்து எவ்வளவு துல்லியம் கிடைக்கிறது என்பதைப் படிப்பவரே பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. 180 பேர் என்ற மொத்தத்தைக் கணக்கில் கொண்டுவந்த கணமே, இந்த ஆய்வு அந்த 180 பேரைப் பற்றியது மட்டும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. ஆனால் உங்கள் கட்டுரையின் தலைப்பு "மலேசியச் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்" என்று இருக்கிறது. முடிவுரையின் கடைசிப் பத்தி நாடு முழுவதற்கும் பரிந்துரை சொல்கிறது. ஒரு பக்கத்தில் சிறிய தொகை என்று சலுகை வாங்கிக்கொண்டு இன்னொரு பக்கத்தில் நாட்டுக்கே முடிவு சொன்னால், கவனமாகப் படிக்கும் மதிப்பீட்டாளர் இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துக் காட்டிவிடுவார்.

மதிப்பீட்டாளர் எழுதியிருக்கக்கூடிய இரண்டாவது வாக்கியம் இங்கிருந்துதான் வருகிறது: "மூன்று தோட்டங்களில் 126 பேரிடம் பெறப்பட்ட தரவு, முடிவுரையில் கூறப்படுவதைத் தாங்காது." இதுவும் பேச்சில் "மாதிரி குறைவு"தான். ஆனால் இதற்கு வாய்பாட்டைக் காட்டிப் பதில் சொன்னால், காது கேளாதவரோடு பேசியது போல இருக்கும். அவர் கேட்பது தலைகளின் எண்ணிக்கையை அல்ல, அந்த 126 பேர் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதை. தலைப்பைச் சுருக்க வேண்டும், முடிவுரையை மூன்று தோட்டங்களோடு நிறுத்த வேண்டும், வராத 54 பேரைப் பற்றியும் பேச வேண்டும்.

அந்த 54 பேர்தான் உங்கள் ஆய்வில் மிக முக்கியமானவர்கள் என்பது என் எண்ணம், நீங்களோ அவர்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உயரமான மரத்தில் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் நாள் முழுக்க அண்ணாந்து நின்று குலையை இழுத்து வெட்டுகிறவருக்கு இடுப்பு முற்றிலும் விட்டுப்போனால், அவர் மறுநாள் பெரட்டுக்கு வரமாட்டார். மருத்துவ விடுப்பில் இருப்பார், அல்லது உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாறியிருப்பார், அல்லது தோட்டத்தை விட்டே போயிருப்பார். நீங்கள் பெரட்டில் சந்தித்தது வேலைக்கு வர முடிந்தவர்களை மட்டும். தொழில்நல ஆய்வில் இதை நலமுள்ள தொழிலாளர் விளைவு என்பார்கள். இதனால் உங்கள் 62 விழுக்காடு உண்மையைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, வராதவர்கள் வலியே இல்லாததால் இந்த வினாநிரலில் அக்கறை காட்டாதவர்களாக இருந்தால், எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். எது சரி என்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடி முடிவு செய்ய முடியாது. தோட்ட அலுவலகத்துக் கிராணியிடம் தொழிலாளர் வருகையைப் பதியும் செக்ரோல் இருக்கும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, உங்கள் ஆய்வுக்குத் தரப்பட்ட நெறிமுறை ஒப்புதல் இடம் கொடுத்தால், பெயரில்லாமல் வயது, வேலை செய்த ஆண்டுகள், அந்த மாத விடுப்பு நாள் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து, வந்த 126 பேரோடு வராத 54 பேரை ஒப்பிடலாம். ஒரு சிறிய அட்டவணை போதும். அந்த அட்டவணை இருந்தால் இரண்டாவது வாக்கியத்துக்குச் சொல்லும் பதில் வெறும் மன்னிப்பாக இல்லாமல் தகவலாகிவிடும்.

மூன்றாவது வாக்கியம் வேறு திசையிலிருந்து வருவது: "பன்மாறிப் பகுப்பாய்வில் சேர்க்கப்பட்ட மாறிகளின் எண்ணிக்கைக்கு இந்த மாதிரி சிறியது." உங்கள் 5ஆம் அட்டவணையில் லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் 11 மாறிகள் இருக்கின்றன. இந்த முறையில் மொத்தம் எத்தனை பேர் என்பதைவிட, வலி உள்ளவர், இல்லாதவர் என்ற இரண்டு குழுக்களில் சிறியதில் எத்தனை பேர் என்பதே முக்கியம். உங்களுடையதில் வலி இல்லாதவர்கள் 48 பேர். ஒரு மாறிக்குக் குறைந்தது 10 பேராவது வேண்டும் என்பது நீண்ட நாளாகப் புழங்கும் தோராய விதி. அதன் மீது பின்னாளில் நிறைய விவாதம் நடந்திருந்தாலும், 48 பேரை வைத்துக்கொண்டு 11 மாறிகளைத் தாங்கலாம் என்று யாரும் வாதாடப்போவதில்லை. நான்கு, மிஞ்சினால் ஐந்து. நோய் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் அட்டவணையே காட்டுகிறது: முன்பு காயம்பட்டவர்களுக்கு வாய்ப்பு விகிதம் 6.2 என்று போட்டு, பக்கத்தில் இடைவெளி 1.1 முதல் 34.8 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். 1.1 என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 34.8 என்றால் மலை. இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம். இதற்கு மருந்து மாறிகளைக் குறைப்பது. அதிலும், எது முக்கியமானதாக வந்ததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது கூடாது. வயது, வேலை செய்த ஆண்டுகள், முந்தைய காயம், வெட்டும் மரத்தின் உயரம் என்று இடுப்பு வலியோடு தொடர்பு உண்டு என முன்பே அறியப்பட்டவற்றைக் காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது வாக்கியத்தை ஊகித்தபோது இன்னொன்றும் தோன்றியது. "மாதிரி குறைவு", "புள்ளியியல் சரியில்லை" என்று நீங்கள் இரண்டு குறைகளாக எழுதியிருப்பது உண்மையில் ஒரே குறையாக இருக்கலாம். ஒரு மதிப்பீட்டாளர் அதை மாதிரியின் பக்கத்திலிருந்தும் மற்றவர் பகுப்பாய்வின் பக்கத்திலிருந்தும் சொல்லியிருக்கலாம். அப்படியானால் ஒரே திருத்தம் இருவருக்கும் பதிலாகும். இல்லையென்றால் இரண்டு தனித்தனி வேலைகள். இதை உங்கள் கட்டுரையிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியாது.

ஊகித்து உதவுவதன் விலை என்ன என்று எனக்கு நேரடியாகத் தெரியும், அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இரவு நேர லாரி ஓட்டுநர்களின் தூக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். மதிப்பீட்டாளர் "தரவு போதாது" என்று சொல்லிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். அறிக்கையை அனுப்பு என்று நான் கேட்கவில்லை, இன்னும் 40 பேரைச் சேர்த்துவிடு என்று அனுபவசாலியைப் போலச் சொல்லிவிட்டேன். அவரும் மூன்று வாரம் பெட்ரோல் நிலையங்களில் இரவெல்லாம் நின்று 40 பேரைச் சேர்த்தார். அந்த மூன்று வாரமும் நோன்பு மாதத்தில் விழுந்தது. முஸ்லிம் ஓட்டுநர்களின் உணவு நேரமும் தூக்க நேரமும் அந்த மாதத்தில் முற்றிலும் வேறு. பழைய தரவோடு புதியதைச் சேர்த்தபோது சராசரித் தூக்கம் குழம்பிப்போய், முதலில் தெளிவாக இருந்த முடிவும் மங்கிவிட்டது. அதன் பிறகுதான் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த வாக்கியத்தின் பொருள் "தரவு போதிய அளவு விவரிக்கப்படவில்லை" என்பது. வயது, வேலை நேரம், ஓட்டும் தூரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் போட்டிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும் வேலை. 'போதாது' என்ற சொல் 'விவரிப்பு' என்பதிலிருந்து கழன்று 'தரவு' என்பதில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தவறு அவருடையது அல்ல. கேட்காமல் பதில் சொன்ன என்னுடையது.

இனி இரகசியம் பற்றி. உங்கள் தயக்கம் நியாயமானது, ஆனால் அது தவறான ஆளின் மேல் விழுந்திருக்கிறது. சகமதிப்பீட்டில் இரகசியம் காக்கும் கடமை முதன்மையாக மதிப்பீட்டாளருக்கு உரியது. வெளிவராத உங்கள் கட்டுரையை அவர் பிறருக்குக் காட்டவோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளவோ கூடாது என்பதே அதன் மையம். வெளியீட்டு நெறிமுறைக் குழு என்று அறியப்படும் 'கோப்' அமைப்பு மதிப்பீட்டாளர்களுக்கு வகுத்துள்ள நெறிகள் இதைத்தான் வலியுறுத்துகின்றன. ஆசிரியரான உங்களுக்கு வந்த அறிக்கை, நீங்கள் அதை வைத்துக் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்பதற்காகவே அனுப்பப்பட்டது. இணையாசிரியர்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் அதைக் காட்டாமல் திருத்தவே முடியாது. புள்ளியியல் ஆலோசனைக்காக ஒருவரிடம் தனிப்பட்ட முறையில் காட்டுவதும் பொதுவாக வழக்கத்தில் உள்ளதே.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. அறிக்கை மதிப்பீட்டாளரின் எழுத்து. அதைப் பொதுவெளியில் போடவோ, வகுப்பில் எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கவோ இதழின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. சில இதழ்கள் அறிக்கைகளைத் தாமே வெளியிடுகின்றன: எம்போ ஜர்னல் 2009 முதலும், நேச்சர் இதழ் 2025 முதல் புதிதாக வரும் கட்டுரைகளுக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிடும் முறையைக் கொண்டுவந்துள்ளன. அங்கேயும் வெளியிடுவது இதழ்தான், ஆசிரியர் அல்ல, அதுவும் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு. உங்கள் இதழ் முடிவுக் கடிதத்தின் அடியில் இரகசியம் குறித்து ஏதாவது வரி சேர்த்திருக்கிறதா, ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில் அதைப் பற்றி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இதழாசிரியருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்: புள்ளியியல் ஆலோசகர் ஒருவரிடம் அறிக்கையைக் காட்டலாமா என்று. இதைக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முதலில் உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன, அறிக்கை மூவருக்கும் பொதுவானது. அவர்கள் அறியாமல் வெளியாளான எனக்கு அனுப்புவதுதான் உண்மையில் பிரச்சினை. அவர்கள் சம்மதித்த பிறகு, அறிக்கையை அப்படியே நகலெடுத்து, இதழின் பெயர், கட்டுரை எண், இதழாசிரியரின் பெயர், மதிப்பீட்டாளர் கையெழுத்திட்டிருந்தால் அவர் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டு அனுப்பலாம். நீக்கக் கூடாதவை: ஒரு சொல்லைக்கூட மாற்றாத கருத்துகள், அவற்றின் வரிசை எண், எது யாருடையது என்ற குறிப்பு. கடுமையான வாக்கியங்களை வெட்கத்தால் மறைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சுருக்கென்று குத்தும் வாக்கியத்தில்தான் பெரும்பாலும் உண்மையான குறை இருக்கிறது, அதையும் விடாதீர்கள். மொழிபெயர்க்கவும் வேண்டாம், ஆங்கிலத்தில் வந்தது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

முடிவுக் கடிதத்தின் மேற்பகுதியில் இதழாசிரியர் தன் சொந்தக் குறிப்பாக இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார். அதையும் சேர்த்து அனுப்புங்கள். இரு மதிப்பீட்டாளர்களும் எதிரெதிராகச் சொல்லியிருந்தால், எது கட்டாயம் என்று அந்த வரிகள்தாம் சொல்லும். இன்னொன்று: சிலர் தங்கள் கருத்தைக் கடிதத்திற்குள் எழுதாமல், கட்டுரையின் மேலேயே குறித்துத் தனிக் கோப்பாக ஏற்றிவிடுவார்கள். மின்னஞ்சலில் அது வராது, நீங்கள் கட்டுரை சமர்ப்பித்த தளத்திற்குள் போய்த்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். "இணைப்பைக் காண்க" என்ற ஒரு வரியோடு மதிப்பீட்டாளரின் கருத்து முடிந்திருந்தால், அது அங்கே இருக்கிறது என்று பொருள்.

எதையும் அனுப்ப முடியாது என்று உங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டால், வேறு வழி இருக்கிறது. அறிக்கை உங்கள் கையை விட்டுப் போகவே வேண்டாம். நீங்களே அதைப் பார்த்து ஒவ்வொரு கருத்தையும் படித்துச் சொல்லுங்கள், நான் கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தொலைபேசியில் செய்வதைவிட நேரில் எதிரெதிரே உட்கார்ந்து செய்வது நல்லது, ஏனென்றால் "இதைத் திரும்பப் படியுங்கள்" என்று நான் அடிக்கடி கேட்பேன். அதற்கும் அனுமதி இல்லையென்றால், நான் கட்டுரையில் கண்ட குறைகளை மட்டும் சொல்ல முடியும். அவற்றில் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சுருக்கத்தில் வலியைக் "கடந்த 12 மாதங்களில்" என்று வரையறுத்திருக்கிறீர்கள், 3ஆம் அட்டவணையின் தலைப்பிலோ "கடந்த 7 நாள்களில்" என்று இருக்கிறது. நீங்கள் பயன்படுத்திய நார்டிக் வினாநிரல் இரண்டையுமே கேட்கும் என்பதால் எப்படிக் கலந்தது என்று புரிகிறது. 78 என்ற எண் எதற்கு உரியது என்பதை மூலத் தாள்களை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மதிப்பீட்டாளர்கள் இதைக் குறிப்பிடவில்லை என்றாலும் திருத்த வேண்டும், திருத்தியதை மறுமொழிக் கடிதத்தின் கடைசியில் 'எங்கள் சொந்தத் திருத்தம்' என்று வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். கேட்காத எண் ஒன்று சத்தமில்லாமல் மாறியிருப்பதைக் கண்டால் மதிப்பீட்டாளருக்கு மற்ற எண்களின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

பதிலை நானே எழுதித் தரமாட்டேன், ஆனால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். மேலே சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளரின் வாக்கியத்தை முழுதாக, மேற்கோளாக மேலே போடுங்கள். அதன் கீழே:

"ஏற்றுக்கொள்கிறோம். ஆய்வு மூன்று தோட்டங்களில் மட்டுமே நடந்ததால், தலைப்பையும் முடிவுரையின் கடைசிப் பத்தியையும் அந்தத் தோட்டங்களோடு நிறுத்தியுள்ளோம் (பக்கம் 1, வரி 2, பக்கம் 11, வரிகள் 8–15). பங்கேற்காத 54 பேரின் வயது, பணி ஆண்டுகள், விடுப்பு நாள்களைப் பங்கேற்றவர்களோடு ஒப்பிட்டுப் புதிய அட்டவணை 2 சேர்க்கப்பட்டுள்ளது. வலியால் பணிக்கு வராதவர்கள் விடுபட்டிருக்கக்கூடும் என்பதை ஆய்வின் வரம்புகளில் குறிப்பிட்டுள்ளோம் (பக்கம் 10, வரிகள் 3–7)."

இவ்வளவுதான். "மதிப்பீட்டாளரின் அரிய ஆலோசனைக்கு மனமார்ந்த நன்றி" என்று ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் எழுத வேண்டியதில்லை, கடிதத்தின் தொடக்கத்தில் ஒருமுறை போதும். ஏற்க முடியாத கருத்து வந்தால் மறுக்கலாம், ஆனால் காரணம் கட்டுரைக்குள்ளேயும் ஏற வேண்டும். மதிப்பீட்டாளருக்கு எழுந்த சந்தேகம் நாளை வாசகருக்கும் எழும், அவர் உங்கள் மறுமொழிக் கடிதத்தைப் படிக்கப்போவதில்லை.

இன்னும் 38 நாள் இருக்கிறது. செக்ரோல் விவரம் எடுப்பதற்கே இரண்டு வாரம் ஆகலாம் என்பதால், தோட்ட அலுவலகத்துக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அது தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே இதழாசிரியரிடம் காரணம் சொல்லிக் கூடுதல் நாள் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், கெடு கடந்தால் சில தளங்கள் கட்டுரையைப் புதிய சமர்ப்பிப்பாகவே எடுத்துக்கொள்ளும். நான் சொன்னவை கட்டுரையில் ஏறினால் நன்றியுரையில் ஒரு வரி போதும். ஆசிரியர் வரிசையில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம், ஆலோசனை சொன்னதால் ஒருவர் ஆசிரியராகிவிட மாட்டார்.

உங்கள் பேராசிரியர் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் உட்காரலாம், பத்து மணிக்கு மேல் அங்கே கூட்டம் இருக்காது. அறிக்கையின் அச்சுப்படி ஒன்று, வரி எண் போட்ட கட்டுரை ஒன்று, 126 மூலத் தாள்களும் உள்ள பெட்டி, மூன்றையும் எடுத்து வாருங்கள். முதலில் 78 எந்த வலி என்று எண்ணிவிட்டு அறிக்கைக்குள் போகலாம்.